கறந்த பாலின் சூட்டைக் கிணற்றுத் தண்ணியில் இறக்கலாம்

எங்க வீட்டில் இரண்டு மாடு. மாலையில் பத்து லிட்டர் பால் கிடைக்கும். நாலரைக்குக் கறந்தால், பால் வண்டி வர ஏழு மணி ஆகிவிடும். சித்திரை வெயிலில் இந்த இரண்டரை மணி நேரம் போதும், பால் கெட. திரிந்த பாலை எடுத்துக்க மாட்டாங்க, அன்றைய வருமானம் போச்சு. எங்களிடம் குளிர்பெட்டி கிடையாது, கிணறு உண்டு. கிணற்றுத் தண்ணியை வைத்தே சமாளிக்கிறோம்.

மடியிலிருந்து வரும் பால் ஏறத்தாழ 37 டிகிரி சூட்டில் இருக்கும். பாலைக் கெடுக்கும் கிருமிகள் பலவும் அந்தச் சூட்டில் வேகமாகப் பெருகும். கறந்த பாலுக்கே கிருமியைத் தடுக்கும் சக்தி கொஞ்சம் உண்டு. பால் சூடாகவே இருந்தால் அந்தச் சக்தி இரண்டு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். சூடு குறைந்தால் கூடுதல் நேரம் தாங்கும். அதனால் கறந்த கையோடு ஆற வைக்கணும்.

நாங்கள் செய்வது இதுதான். நிழலில் இருக்கும் தொட்டியில் இரண்டு செங்கல் வைத்து, அதன்மேல் பால் கேனை நிறுத்துகிறோம். அப்போதுதான் கேனுக்கு அடியிலும் தண்ணி போகும். கேன் அலுமினியமோ எவர்சில்வரோ இருக்கட்டும். பிளாஸ்டிக்கில் சூடு சீக்கிரம் வெளியேறாது. வெளியே தண்ணி, உள்ளே இருக்கும் பால் மட்டத்துக்கு மேலே நிற்கணும், ஆனால் மூடியைத் தொடக்கூடாது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, கொதிநீரில் கழுவிய நீளக் கரண்டியால் கிளறி, உடனே மூடிவிடுகிறோம். கிளறாவிட்டால் ஓரத்துப் பால் ஆறும், நடுவில் இருப்பது சூடாகவே கிடக்கும்.

தண்ணியை ஒரேயடியாக ஊற்றுவதைவிட, மாற்றி ஊற்றுவதில்தான் லாபம். எங்க கிணற்றுத் தண்ணி 27 டிகிரி. பத்து லிட்டர் பாலுக்கு அறுபது லிட்டரை மொத்தமாக ஊற்றினால், பால் எவ்வளவு நேரம் இருந்தாலும் 28.4 டிகிரி வரைதான் இறங்கும். அதே அறுபதை முப்பது முப்பதாகப் பிரிப்போம். முதல் முப்பதில் பால் 29.5-க்கு வரும். அந்தத் தண்ணியை வெளியேற்றிவிட்டுப் புதுத் தண்ணி விட்டால் 27.6-க்கு இறங்கிவிடும். வெளியேற்றிய தண்ணி வாழைக்குப் போகும்.

எப்படிச் செய்தாலும் கிணற்றுத் தண்ணியின் குளிர்ச்சிக்குக் கீழே பால் போகாது. வறண்ட காற்று அடிக்கும் நாட்களில், மண்பானையில் ஊறிய தண்ணியை இரண்டாம் தடவைக்கு விட்டால் இன்னும் சில டிகிரி குறையும். மழைக்காலத்தில் காற்று ஈரமாக இருப்பதால் பானை அவ்வளவாகக் குளிராது.

ஆறிய பாலில் சூடான பாலை ஊற்றாதீங்க. மொத்தமும் சூடேறிவிடும். குளிர்ச்சி கிருமியைக் கொல்லாது, பெருகும் வேகத்தைத்தான் குறைக்கும். அழுக்கு மடியிலும் கழுவாத கேனிலும் கறந்த பாலை இது காப்பாற்றாது. இரவு முழுக்க வைக்கவும் இது உதவாது. அனுப்ப முடியாத பாலைக் காய்ச்சிவிடணும்.

பலன் தெரிய, கறந்த பாலில் ஒரு டம்ளரை ஆற வைக்காமல் தனியே மூடி வையுங்க. மணிக்கொரு தடவை இரண்டிலும் ஒரு கரண்டி எடுத்து, தனித்தனியாகக் கொதிக்க விடுங்க. எது முதலில் திரிகிறதோ, அதில் புளிப்பு முன்னதாக ஏறிவிட்டது.