மறதி யாருடையது?

மனநலப் பிரிவிற்கு ஒருவரை அழைத்து வருபவரே பெரும்பாலும் முதலில் பேசுகிறார். "இவளுக்கு எதுவும் நினைவில் நிற்பதில்லை" என்று அவர் கூறும்போது, அருகில் இருப்பவரும் ஆமெனத் தலையசைக்கிறார். அந்தத் தலையசைப்பு உண்டாகும் விதம் குறித்துச் சற்று எழுத விரும்புகிறோம்.

1938-இல் பேட்ரிக் ஹாமில்டன் எழுதிய 'கேஸ் லைட்' நாடகத்தில், கணவன் வீட்டுப் பொருள்களை மறைத்துவிட்டு, மனைவியே தொலைத்ததாக அவளை நம்ப வைக்கிறான். 'கேஸ்லைட்டிங்' என்னும் சொல் அதிலிருந்து வந்தது. இது நாடகத்தோடு நிற்கவில்லை. வேண்டாத உறவினரை மனநல மருத்துவமனையில் சேர்த்துவிடுவதற்காக அவரை நோயாளியாகக் காட்டிய நிகழ்வுகளை, 1969-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் பார்ட்டன், வைட்ஹெட் என்னும் இரு மருத்துவர்கள் பதிவு செய்தனர்.

திருச்செங்கோட்டுப் பக்கம் விசைத்தறி நடத்தும் ஒரு குடும்பத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். தறிக்காரர் கூலிக்கென மனைவி எடுத்து வைத்த 2,000 ரூபாயைக் கணவர் செலவழித்துவிடுகிறார். மனைவி கேட்டால், "நேற்றே நீ கூலி கொடுத்துவிட்டாயே, மறந்துவிட்டாயா?" என்கிறார். குரலில் கோபமில்லை, பரிவே இருக்கிறது. அதனால்தான் அச்சொல் உள்ளே இறங்குகிறது. நினைவுகூரும் ஒவ்வொரு முறையும் நடந்ததை மனம் புதிதாகக் கட்டியெழுப்புகிறது. நம்பிக்கைக்குரியவர் உறுதியாகக் கூறுவதும் அக்கட்டுமானத்தில் எளிதில் கலந்துவிடும். பலமுறை இவ்வாறு நேர்ந்தபின் மனைவி உறக்கம் இழக்கிறார். உறக்கமின்மை கவனத்தைக் குலைக்கிறது. ஒருநாள் மெய்யாகவே அடுப்பில் பாலை மறந்து பொங்க விடுகிறார். அந்த ஒரு மறதி, முன் சொன்ன பொய்கள் அனைத்திற்கும் சான்றாகிவிடுகிறது. இனி அவர் எதையும் கணவரிடம் கேட்டே உறுதி செய்துகொள்வார்.

இதனை நோயிலிருந்து பிரித்தறிய, மறதி எங்கே நிகழ்கிறது என்று பார்க்கிறோம். அதே பெண் மகளிர் சுயஉதவிக் குழுவின் கணக்கைப் பிழையின்றி எழுதி, வீட்டில் ஒருவர் முன்னிலையில் மட்டும் தடுமாறினால், அந்த உறவைப் பற்றியே முதலில் விசாரிக்க வேண்டும். மறதி நோயோ குழுக் கூட்டத்திலும் சந்தையிலும் உடன் வரும். அந்நோயுள்ள முதியவர் பொருளைத் தாமே வைத்துவிட்டு, மருமகள் எடுத்ததாகக் கூறுவதும் உண்டு. அதை மறுக்கும் மருமகள் யாரையும் ஏமாற்றவில்லை. ஒரே நிகழ்ச்சியை இருவர் இருவிதமாக நினைவில் கொள்வதும் இதில் சேராது. எல்லாச் சச்சரவுக்கும் இப்பெயரைச் சூட்டுவது இப்போது வழக்கமாகி வருகிறது; அது எவருக்கும் உதவாது.

ஆகவேதான் உடன் வந்தவரைச் சற்று வெளியே அமரச் சொல்லி, நோயாளியிடம் தனியே பேசுகிறோம். மனம் கோணாதீர்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன்படி, தம் சார்பில் பேசும் பிரதிநிதியை நோயாளி தாமே நியமிக்கலாம். அவர் கணவராகவோ மகனாகவோ இருக்க வேண்டுமென்பதில்லை.

ஐயம் இருப்பவர்கள், நடந்ததை அன்றே தேதியிட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதி, வீட்டிற்கு வெளியே நம்பகமானவரிடம் வைக்கலாம். அதைக் காட்டி வீட்டில் வாதிட வேண்டாம். மருத்துவரிடம் கொண்டு வாருங்கள். பெண்கள் உதவிக்கு 181, மனநல ஆலோசனைக்கு 14416 என்ற எண்களை அழைக்கலாம்.