ஜூனில் தொடங்கி டிசம்பரில் எழுத: ஜப்பானிய மொழிக்கு ஆறு மாதத் திட்டம்

ஜப்பானிய மொழித் திறன் தேர்வான ஜே.எல்.பி.டி. ஆண்டுக்கு இரு முறை, ஜூலையிலும் டிசம்பரிலும் முதல் ஞாயிற்றுக்கிழமை நடக்கிறது. சென்னையிலும் எழுதலாம். ஐந்து நிலைகளில் அடிநிலை என்5. ஜூன் முதல் வாரம் தொடங்கினால் டிசம்பர் தேர்வுக்கு 26 வாரம் இருக்கிறது. வேலைக்குப் போய்க்கொண்டே தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்குகிறவருக்கு அது போதும். ஆனால் எதை முன்னால் படிப்பது, எதைப் பின்னால் தள்ளுவது என்பதில் தவறினால், அக்டோபரில் திணறிப்போவார்.

ஜூன் மாதம் முழுவதையும் எழுத்துக்கே கொடுங்கள். ஹிராகானா 46, கட்டகானா 46. முதல் இரண்டு வாரம் ஹிராகானா, அடுத்த இரண்டு வாரம் கட்டகானா. பிறமொழிச் சொற்களை எழுதத்தானே கட்டகானா என்று பலர் அதை அரைகுறையாக விட்டுவிடுகிறார்கள். பிறகு 'ஷி'யும் 'ட்சு'வும் ஒன்றுபோலவே தெரியும். இரண்டிலும் இரு சிறு கோடுகளும் ஒரு நீண்ட கோடும்தான். 'ஷி'யில் சிறு கோடுகள் இடப்பக்கம் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும், நீண்ட கோடு கீழிருந்து மேலே ஏறும். 'ட்சு'வில் சிறு கோடுகள் மேலே பக்கம் பக்கமாக இருக்கும், நீண்ட கோடு மேலிருந்து இறங்கும். பார்த்துக்கொண்டே இருந்தால் இது மனதில் நிற்காது. கையால் எழுதினால் நிற்கும். தேர்வில் எதையும் எழுதத் தேவையில்லை, எல்லாமே விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள்தான். இருந்தாலும் கானாவை எழுதியே பழக வேண்டும் என்று சொல்லக் காரணம் இதுதான்.

தமிழ் மாணவர்கள் கானாவுக்குப் பக்கத்தில் தமிழில் உச்சரிப்பு எழுதி வைத்துக்கொள்வதை முதல் வாரத்தோடு நிறுத்திவிட வேண்டும். வானிலைக்கு ஒரு சொல், மின்சாரத்துக்கு ஒரு சொல். இரண்டும் என்5 சொற்கள். தமிழில் எழுதினால் இரண்டுமே 'தென்கி'. ஜப்பானிய எழுத்தில் முதலெழுத்தின் தோளில் இரு புள்ளி வைத்தால் மின்சாரம், வைக்காவிட்டால் வானிலை. வல்லினம் எங்கே அழுந்தி ஒலிக்கும், எங்கே மென்மையாகும் என்பதைத் தமிழில் இடம் முடிவு செய்கிறது. ஜப்பானியத்தில் அந்தப் புள்ளி முடிவு செய்கிறது. நோட்டில் தமிழ் இருக்கும்வரை கண் புள்ளியைத் தேடாது. மாறாக, குறிலும் நெடிலும் நமக்குப் பழகியவை. 'ஒபஸான்' என்றால் அத்தை, 'ஒபாஸான்' என்றால் பாட்டி. இந்த வேறுபாடு தமிழ்க் காதுக்கு உடனே பிடிபட்டுவிடும்.

ஐந்தாவது வாரத்தில் கான்ஜியும் இலக்கணமும் சேர்ந்தே தொடங்க வேண்டும். இலக்கணத்தை முடித்துவிட்டுக் கான்ஜியைப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடுவது நல்லதல்ல. இந்த நிலைக்கு இத்தனை கான்ஜி என்று அதிகாரபூர்வப் பட்டியல் கிடையாது. வழக்கமாக 100 வரை படித்துப் போகிறார்கள். வாரத்துக்கு ஐந்து வீதம் போனால் இருபது வாரத்தில் முடிந்துவிடும்.

ஒரு கான்ஜிக்கு உள்ள எல்லா ஒலிப்புகளையும் பட்டியலாக மனப்பாடம் செய்யாதீர்கள். சொல்லோடு படியுங்கள். சூரியன், நாள் என்று பொருள்படும் கான்ஜியை எடுத்துக்கொள்வோம். நடுவில் குறுக்குக்கோடு போட்ட பெட்டி போலிருக்கும். ஞாயிற்றுக்கிழமையை 'நிச்சியோபி' என்பார்கள். மூன்று கான்ஜியால் எழுதும் இந்தச் சொல்லில் முதலெழுத்தும் கடைசி எழுத்தும் இதே பெட்டிதான். முதலில் அது 'நிச்சி', கடைசியில் 'பி'. ஒரே சொல்லில் இரண்டு ஒலிப்பு கிடைத்துவிடுகிறது. மாதத்தின் முதல் தேதியைக் குறிக்கும் 'ட்சுயிதச்சி'யிலும் இதே எழுத்து வருகிறது, ஆனால் அந்த இரண்டு ஒலிப்பில் எதுவுமே அங்கே இல்லை. பட்டியலை மட்டும் நம்பியவர் இங்கே நின்றுவிடுவார். தேர்வில் கான்ஜிச் சொல்லைக் கொடுத்து அதன் கானா எது என்று கேட்கும்போது, நான்கு விடைகளும் ஒரு நெடிலிலோ ஒரு இரட்டிப்பிலோ அந்த இரு புள்ளியிலோதான் வேறுபடும். ஆகவே கான்ஜிக் கேள்வியில் போகும் மதிப்பெண்ணுக்குக் காரணம் பல நேரம் ஜூன் மாதத்து அவசரமாக இருக்கும்.

இலக்கணத்துக்குப் பெரும்பாலான வகுப்புகளில் வைக்கும் புத்தகம் 'மின்னா நொ நிஹொங்கோ'. அதன் முதல் பாகத்தில் உள்ள 25 பாடங்கள் ஏறக்குறைய என்5 அளவு. முதல் 13 பாடங்களை நாம் வேகமாகவே கடக்கலாம், வாரத்துக்கு இரண்டு. வினை கடைசியில் வருகிறது, வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுகிறது. 'நூலகத்தில் புத்தகத்தைப் படிக்கிறேன்' என்பதைச் சொல் வரிசை மாறாமல் 'தொஷொகன் தெ ஹொன் ஒ யொமிமஸ்' என்று சொல்லிவிடலாம்.

இந்த வேகத்தில் தவறும் இடம் 'இல்' உருபு. நூலகத்தில் படித்தால் 'தெ', நூலகத்தில் இருந்தால் 'நி'. செயல் நடக்கும் இடத்துக்கு ஒன்று, இருக்கும் இடத்துக்கு இன்னொன்று. 'நண்பரைச் சந்திக்கிறேன்' என்பதற்கு 'ஐ' உருபை நினைத்து 'ஒ' போடத் தோன்றும். அங்கும் 'நி'தான் வரவேண்டும். இப்படித் தமிழ் கைகொடுக்காத வினைகளைத் தனியாக ஒரு பக்கத்தில் குறித்துக்கொண்டே போவது நல்லது.

முன்பாடங்களில் மிச்சம் பிடித்த நேரத்தைப் பதினான்காம் பாடத்தில் செலவிட வேண்டும். தெ-ஃபார்ம் அங்கேதான் வருகிறது. அதன் பயன்பாடு தமிழருக்குப் புதிதல்ல, அது நம் வினையெச்சம். 'எழுந்து, பல் துலக்கி, சாப்பிட்டு, பள்ளிக்குப் போகிறேன்' என்று நாம் அடுக்குவதுபோலவே அவர்களும் அடுக்குகிறார்கள். 'சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்' என்பதற்கும் இதே வடிவம்தான் அடித்தளம். சிரமம் வடிவத்தை உருவாக்குவதில் இருக்கிறது. எழுதுவதைக் குறிக்கும் 'ககிமஸ்' 'கயிதெ' ஆகும், குடிப்பதைக் குறிக்கும் 'நொமிமஸ்' 'நொன்தெ' ஆகும், போவதைக் குறிக்கும் 'இகிமஸ்' மட்டும் விதியை மீறி 'இத்தெ' ஆகும். 14, 15, 16 ஆகிய மூன்று பாடங்களுக்கு மூன்று முழு வாரம் கொடுங்கள். யாராவது ஒரு வினையைச் சொன்னதும் விரல் விட்டு விதியைத் தேடாமல் வாய் தானாகப் பதில் சொல்ல வேண்டும். அதுவரை பதினேழாம் பாடத்தைத் திறக்க வேண்டாம். எதிர்மறை, அகராதி வடிவம், இறந்தகாலம் என்று 17 முதல் 19 வரை புதுப்புது வடிவங்கள் வரிசையாக வரும். அவற்றில் இறந்தகாலம், தெ-ஃபார்மின் கடைசி எழுத்தை மட்டும் மாற்றினால் கிடைத்துவிடும். 17 முதல் 20 வரை வாரத்துக்கு ஒரு பாடம், மீதி ஐந்துக்கு மூன்று வாரம் என்று கணக்கிட்டால் அக்டோபர் இறுதியில் புத்தகம் முடிந்திருக்கும்.

நவம்பர் மாதிரித் தேர்வுகளுக்கு. மொத்தம் 180, தேற 80 வேண்டும். அதோடு மொழியறிவும் வாசிப்பும் சேர்ந்த பகுதியில் 120க்கு 38, கேட்டல் பகுதியில் 60க்கு 19 கட்டாயம். ஒருவர் முதல் பகுதியில் 90 வாங்கி, கேட்டலில் 18 வாங்கினால் தேர்ச்சி இல்லை. வீட்டில் தனியாகப் படிப்பவர்கள் விழுவது பெரும்பாலும் இங்கேதான். தேர்வில் ஒலிப்பதிவு ஒரு முறைதான் ஓடும். ஆகவே ஜூலையிலிருந்தே அந்தந்தப் பாடத்தின் ஒலிப்பதிவைத் தினமும் பத்து நிமிடம், புத்தகத்தை மூடி வைத்துக் கேட்க வேண்டும். மாதிரித் தேர்வில் தவறிய ஒவ்வொரு கேட்டல் கேள்வியின் எழுத்துப்படியையும் பிறகு எடுத்துப் பாருங்கள். படித்தால் புரிகிறது, கேட்டால் புரியவில்லை என்றால் இன்னும் கேட்க வேண்டும். படித்தும் புரியவில்லை என்றால் கேட்டலை விட்டுவிட்டு அந்தப் பாடத்தின் சொற்களுக்குத் திரும்புங்கள்.