உங்களுக்குத் தெரியுமா? தாத்தாவுக்கு ‘வாங்க’, தோழிக்கு ‘வாடி’

● சித்ரா பௌர்ணமியன்று காஞ்சி வரதராஜப் பெருமாள் ஐயங்கார்குளம் நடவாவிக் கிணற்றுக்கு எழுந்தருளுவார். உற்சவத்துக்கு அந்த ஊர்ப் பெண் ஒருத்தி சென்னையில் இருக்கும் தன் தாத்தாவைக் கூப்பிட்டால், “தாத்தா, நடவாவிக்கு எப்ப வரீங்க? பஸ் ஏறினதும் சொல்லுங்க” என்று அனுப்புவாள். தோழிக்கு அதே செய்தி, “எப்ப வர்ற? பஸ் ஏறினதும் சொல்லுடி” என்று போகும். ‘பஸ் ஏறினதும்’ இரண்டிலும் மாறவில்லை, கவனித்தீர்களா? முன்னிலையில் மரியாதையைக் காட்டுவது வாக்கியத்தை முடிக்கும் வினைதான்.

● அதனால் பெரியவர்களுக்கு அனுப்பும் முன் முடிக்கும் வினைகளை மட்டும் ஒரு தடவை பார்த்தால் போதும். “மாத்திரை போட்டீங்களா? போட்டதும் சொல்லு” என்பதில் முதல் வினை மரியாதையாக இருக்கிறது, இரண்டாவது நழுவிவிட்டது. நேரில் பேசும்போது குரலின் குழைவு அதை மறைத்துவிடும். திரையில் ‘சொல்லு’ அதட்டலாகவே தெரியும்.

● ஒருமையா பன்மையா என்று தயங்கினால், இரண்டும் இல்லாத வழியும் உண்டு. “சாப்பிட்டாச்சா?”, “கால் வலி குறைஞ்சிதா?”, “பணம் வேணுமா?” ஆகியவற்றில் ‘நீ’யும் இல்லை, ‘நீங்க’வும் இல்லை. தாத்தாவுக்கும் அனுப்பலாம், தோழிக்கும் அனுப்பலாம்.

● பேச்சுவழக்கில் தாத்தா ‘வந்தாரு’, பாட்டி ‘வந்தாங்க’. ‘பாட்டி வந்தாரு’ என்று யாரும் சொல்வதில்லை. எழுத்துத் தமிழிலோ ‘பாட்டி வந்தார்’ என்பதே முறை. உறவினர் குழுவில் செய்தி போடும்போது பேச்சு நடையைத் தொடங்கினால் கடைசிவரை அதிலேயே போவது நல்லது. நடுவில் ‘வாருங்கள்’ வந்தால் கல்யாணப் பத்திரிகை வாசனை அடிக்கும்.

● ஒருவரைப் பன்மையில் சொல்லும் வழக்கம் தொல்காப்பியர் காலத்திலேயே இருந்தது. ஒருவரைக் குறிக்கும் பன்மைச் சொல், உயர்த்திச் சொல்லும்போது உலக வழக்கில் வரும் என்றும், அது இலக்கண நெறி அல்ல என்றும் சொல்லதிகாரம் பிரித்துக் காட்டுகிறது. அன்று விலக்காக இருந்ததுதான் இன்று ‘வாங்க’, ‘சொல்லுங்க’.

● ‘நீ’ என்றாலே மரியாதைக் குறைவு என்று நினைக்க வேண்டாம். “பெருமாள் எழுந்தருளினார்” என்று பிறரிடம் சொல்பவரே, சந்நிதியில் “பெருமாளே, நீதான் காப்பாத்தணும்” என்று வேண்டுகிறார். பல வீடுகளில் ஆயாவிடமும் அப்படித்தான். நேரில் “ஆயா, நீ சாப்பிட்டியா?” என்பார்கள், அடுத்தவரிடம் “ஆயா சாப்பிட்டாங்க” என்பார்கள். அந்த வீட்டுப் பேத்தி திடீரென்று “சாப்பிட்டீங்களா?” என்று அனுப்பினால், ஆயாவுக்கு அது விலகலாகவே படும்.

● நண்பர்களுக்குள் இதைவிடக் கூர்மையாகத் தெரியும். “வரேன்டா” என்பவன் ஒரு நாள் “சரிங்க, நீங்க பாருங்க” என்று அனுப்பினால், அது மரியாதை இல்லை, கோபம். அந்த ‘ங்க’வைப் பார்த்ததும் செய்தியை நிறுத்திவிட்டு போன் போட்டுப் பேசுங்கள்.