முடிவு வராத ஆய்வுக் கட்டுரை: ஆசிரியருக்கு எழுதும் மின்னஞ்சல்

ஆய்விதழுக்கு அனுப்பிய கட்டுரைக்கு முடிவு வராமல் இழுக்கும்போது, எப்போது விசாரிப்பது என்பது துறைக்குத் துறை மாறும். மருத்துவ, உயிரியல் இதழ்களில் மூன்று நான்கு மாதம் கடந்தாலே கேட்கலாம். கணிதத்தில் நடுவர் நிரூபணத்தை வரிவரியாகச் சரிபார்க்க வேண்டியிருப்பதால், ஓராண்டு காத்திருப்பதும் அங்கே சாதாரணம்.

எழுதுமுன் இதழின் இணையதளத்தில் கட்டுரையின் நிலையைப் பார்க்க வேண்டும். பல இதழ்கள் பயன்படுத்தும் Editorial Manager தளத்தில் "With Editor" என்றே மாதக்கணக்கில் இருந்தால், பெரும்பாலும் நடுவர்கள் இன்னும் அமையவில்லை. ஊதியமில்லாத இந்த வேலைக்கு ஒருவர் இசைவதற்குள் பலர் மறுத்திருப்பார்கள். "Under Review" என்றால் மதிப்பீடு நடந்துகொண்டிருக்கிறது. "Required Reviews Completed" என்றால் தேவையான அறிக்கைகள் வந்துவிட்டன. முடிவெடுப்பது மட்டுமே பாக்கி. நினைவூட்டலுக்கு விரைவில் பலன் கிடைப்பது இந்தக் கட்டத்தில்தான்.

2024 ஜனவரியில் அனுப்பிய கணிதக் கட்டுரை ஒன்றுக்கு 2025 பிப்ரவரி வரை தகவல் இல்லை என்று கொள்வோம். மின்னஞ்சலின் தலைப்பு வரியிலேயே கட்டுரை எண் இருக்க வேண்டும். ஒரே நேரத்தில் பல கட்டுரைகளைக் கவனிக்கும் ஆசிரியர் அதைக் கொண்டுதான் தேடுவார். கடிதத்தின் சாரம் இப்படி அமையலாம்:

"மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம். மேற்கண்ட எண்ணுள்ள எங்கள் கட்டுரையை 2024 ஜனவரி 10 அன்று அனுப்பியிருந்தோம். நடுவர்களைக் கண்டறிவதும் கவனமான மதிப்பீடும் நேரம் எடுப்பவை என்பதை அறிவோம். கட்டுரை இப்போது எந்த நிலையில் உள்ளது, முடிவை ஏறத்தாழ எப்போது எதிர்பார்க்கலாம் என்று தெரிவிக்க இயலுமா? தேவைப்பட்டால் நடுவர்களாகத் தகுந்தோர் பெயர்களைப் பரிந்துரைக்கிறோம். தங்கள் உழைப்புக்கு நன்றி."

இதற்குமேல் சேர்ப்பவை பெரும்பாலும் கெடுதலே செய்யும். தாமதத்துக்குக் காரணம் கேட்பது குற்றம் சாட்டுவதுபோல் படும். நடுவர் யார் என்று கேட்கவே கூடாது; ஊகித்து அவருக்கு நேரடியாக எழுதுவது அதைவிடப் பெரிய தவறு. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் நாள் நெருங்குவதுபோன்ற உண்மையான நெருக்கடி இருந்தால் ஒரு வரியில் சொல்லலாம். அதைக் கெடுவாக மாற்றக் கூடாது. கட்டுரைக்குப் பலர் ஆசிரியர்களாக இருந்தாலும், தொடர்பாளராகப் பதிவான ஒருவரே எழுத வேண்டும். ஆளுக்கொரு கடிதம் போனால் நெருக்குவதாகவே தோன்றும்.

இரண்டு மூன்று வாரத்தில் பதில் இல்லையென்றால், அதே மின்னஞ்சலின் தொடர்ச்சியாக இன்னொரு முறை கேட்கலாம்; மடல் பார்வைக்கு வராமலே போயிருக்கக்கூடும். அதற்கும் பதில் இல்லாவிட்டால் இதழின் அலுவலகத்துக்கோ முதன்மை ஆசிரியருக்கோ, முந்தைய மடல்களின் தேதிகளை மட்டும் குறிப்பிட்டு எழுதலாம். எதற்கும் விடை வராதபோது கட்டுரையைத் திரும்பப் பெறும் உரிமை ஆய்வாளருக்கு உண்டு. ஆனால் திரும்பப் பெற்றதை இதழ் எழுத்தில் உறுதிசெய்த பிறகே வேறிடத்துக்கு அனுப்ப வேண்டும். ஒரே கட்டுரை ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களின் பரிசீலனையில் இருப்பது ஆய்வு நெறிமீறலாகக் கருதப்படும்.