தஞ்சோங் என்றால் எந்தத் தஞ்சோங்?

தஞ்சோங் ரம்புத்தானில் ஐம்பது வருடத்துக்கு முன் நடந்த கல்யாணத்தின் மொய் நோட்டைக் கணினியில் ஏற்றுவதாக வைத்துக்கொள்வோம். வேண்டியது மூன்றே கட்டங்கள்: பெயர், ஊர், தொகை. ஆனால் மொய் எழுதியவர் வரிசையில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே எழுதியிருப்பார். பாதிப் பெயர்களில் புள்ளி இருக்காது. துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோல் நிற்கும்.

போதாததற்கு எழுத்தே மாறிவிட்டது. தமிழ்நாட்டு அரசு 1978இல் சீர்திருத்த எழுத்தை ஏற்றது. மலேசியாவுக்கும் அது பின்னர் வந்தது. அதற்கு முன் 'ணா' சுழித்த ஒரே எழுத்து. 'லை'க்குத் தும்பிக்கைபோல் ஒரு கொம்பு. 'அண்ணாமலை' என்ற பெயரில் இரண்டுமே உண்டு. பழைய வடிவம் அறியாதவர் அந்த இடத்தில் திணறிப்போய், கண்ணுக்குத் தோன்றியதைத் தட்டிவிடுவார்.

ஊர்க் கட்டம் இன்னும் வம்பு. 'தஞ்சோங்' என்று மட்டும் இருந்தால் ரம்புத்தானா, மாலிமா? இரண்டும் பேராக்கில்தான். 'சுங்கை' என்றால் சிப்புட்டாகவும் இருக்கலாம், கெடாவிலுள்ள பட்டாணியாகவும் இருக்கலாம்.

இங்கேதான் குறி வேண்டும். கல்வெட்டுப் படிப்பவர்கள் ஐயமான எழுத்தின் அடியில் புள்ளி வைப்பார்கள். 1931இல் லைடன் நகரில் வகுத்த முறை அது. மொய் நோட்டுக்குக் கேள்விக்குறி போதும். 'மாரி' வரை தெளிவாக இருந்து மிச்சம் கிறுக்கலானால் 'மாரி(முத்து?/யப்பன்?)' என்று இரண்டையும் எழுதி, நான்காவது கட்டத்தில் பக்கமும் வரியும் குறிக்க வேண்டும். 'முத்து' என்று மட்டும் துணிந்து போட்டால் நாளைக்கு மாரியப்பன் வீட்டு விசேஷத்தில் திருப்பிச் செய்ய வேண்டிய மொய் தவறிப்போகும். வரியை விட்டுவிடுவதும் கூடாது, தொகை உதைக்கும்.

தொகைக்கு மட்டும் ஒரு சாட்சி உண்டு: பக்கத்தின் அடியில் போட்ட கூட்டல். நோட்டில் 643 வெள்ளி, உங்கள் கூட்டலோ 679 என்றால் வித்தியாசம் 36. அது 9ஆல் வகுபடுகிறதா, உடனே இலக்கம் இடம் மாறியதோ என்று சந்தேகப்படலாம். 51 என்பது 10×5+1, 15 என்பது 10×1+5; கழித்தால் 9×4. இப்படி இலக்கம் புரண்டால் எப்போதும் ஒன்பதின் மடங்குதான் வரும். மொய் என்றாலே 51, 101 என்று கை பழகியிருப்பதால் 15ஐ 51 என்று தட்டியிருக்கலாம். அந்தப் பக்கத்து 51களை மட்டும் நோட்டோடு ஒத்துப் பாருங்கள். 15 கிடைக்கவில்லையென்றால் 62 போன்ற மற்ற எண்களையும் பாருங்கள். அதிலும் இல்லையென்றால் மொய் எழுதியவரே கூட்டலில் சறுக்கியிருக்கலாம். அப்போது எந்தத் தொகையையும் திருத்தாமல் வித்தியாசத்தை அப்படியே குறித்து வையுங்கள்.

பெயருக்கு இப்படிக் கணக்குச் சாட்சி கிடையாது, ஆள் சாட்சிதான். கேள்விக்குறி விழுந்த வரிகளைத் தனித்தாளில் எடுத்து வீட்டுப் பெரியவர்களிடம் கொண்டுபோங்கள். "இது மாரிமுத்து தானே?" என்று கேட்காதீர்கள், ஆமாம் என்று சொல்லிவிடுவார்கள். "சிம்மோரிலிருந்து யாரெல்லாம் வந்தார்கள்?" என்று கேளுங்கள்.