1.14 லட்சம் கோடி விற்றும் பங்குச் சந்தை ஏன் சரியவில்லை?

2024 அக்டோபரில் வெளிநாட்டு முதலீட்டாளர்கள் இந்தியப் பங்குச் சந்தையில் சுமார் 1.14 லட்சம் கோடி ரூபாய்க்குப் பங்குகளை விற்றுத் தள்ளினார்கள். சீன அரசு அறிவித்த ஊக்கச் சலுகைகளும், இங்கே பங்குகள் ஏகத்துக்கு விலையேறிக் கிடந்ததும் முக்கியக் காரணங்கள்.

அவர்கள் கையில் இருப்பவை பெரும்பாலும் பெரிய வங்கிகள் போன்ற முன்னணிப் பங்குகள். நிஃப்டி குறியீட்டில் அவற்றுக்கே எடை அதிகம். அதனால் அவர்கள் விற்றால் குறியீடு உடனே இறங்கும். விற்ற ரூபாயை டாலராக மாற்றும்போது ரூபாய் மதிப்பும் அழுத்தத்துக்கு உள்ளாகும்.

ஆனாலும் அந்த மாதம் நிஃப்டி இறங்கியது ஏறக்குறைய 6 சதவீதம்தான்.

காரணம், எதிர்ப்பக்கம் வாங்க ஆள் இருந்தார்கள். உள்நாட்டு நிறுவன முதலீட்டாளர்கள் ஒரு லட்சம் கோடிக்கு மேல் வாங்கினார்கள். மாதாமாதம் சாமானியர்கள் கட்டும் எஸ்ஐபி பணம் மட்டுமே 25,000 கோடியைத் தாண்டியது.

இன்னொன்று. சந்தையில் விற்ற அதே வெளிநாட்டினர், புதிய பங்கு வெளியீடுகளில் பணம் போட்டார்கள். மாலையில் டிவியில் ஓடும் தினசரிக் கணக்கில் இது தெரியாது. டெபாசிட்டரி கணக்கில் அந்த மாத நிகர வெளியேற்றம் சுமார் 94,000 கோடிதான்.

ஆகவே ஒருநாள் விற்பனைக் கணக்கைப் பார்த்து எஸ்ஐபியை நிறுத்தாதீர்கள். நீங்கள் வைத்திருக்கும் நிறுவனத்தின் லாபமும் கடனும் மாறியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.