கிரயப் பத்திரச் செலவை நீங்களே கணக்குப் பாருங்கள்

நிலம் வாங்கும் விவசாயிகள் பலர், பத்திரச் செலவு எவ்வளவு என்று எழுத்தரையோ தரகரையோ கேட்டு, அவர் சொன்ன தொகையைக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். இந்தக் கணக்கை வீட்டுத் திண்ணையிலேயே போட்டுப் பார்த்துவிடலாம்.

தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்திற்கு முத்திரைத் தீர்வை நூற்றுக்கு 7 ரூபாய். பதிவுக் கட்டணம் 2023 ஏப்ரல் முதல் நூற்றுக்கு 2 ரூபாய். இவ்விரண்டும் எந்தத் தொகையின் மீது என்பதே முக்கியம். பேசி முடித்த விலை, அரசின் வழிகாட்டி மதிப்பு ஆகிய இரண்டில் எது அதிகமோ அதன் மீது கணக்கிட வேண்டும். வழிகாட்டி மதிப்பு சர்வே எண் வாரியாக உள்ளது. சார்பதிவாளர் அலுவலகத்திலோ பதிவுத் துறையின் இணையதளத்திலோ பார்த்துக் கொள்ளலாம்.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒருவர் இரண்டு சர்வே எண்களில் 1 ஏக்கர் 30 சென்ட் வாங்குகிறார். அதில் 80 சென்ட் நஞ்சை. வழிகாட்டி மதிப்பு ஏக்கருக்கு 5 லட்சம். மீதி 50 சென்ட் புஞ்சை. ஏக்கருக்கு 2,40,000 ரூபாய். நஞ்சைக்கு 4,00,000, புஞ்சைக்கு 1,20,000, ஆக 5,20,000 ரூபாய். பேசிய விலை 5,40,000. இதுவே அதிகம் என்பதால் இதன் மீது தீர்வை 37,800, கட்டணம் 10,800, மொத்தம் 48,600 ரூபாய்.

நிலம் முழுவதையும் நஞ்சை என்று போட்டுவிட்டால் மதிப்பு 6,50,000 ஆகி, செலவு 58,500 ரூபாய் என்று வரும். 9,900 ரூபாய் வீண். எனவே ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் தனித்தனியே கணக்கிடுங்கள். மதிப்பு ஏக்கருக்கா, ஹெக்டேருக்கா, சதுர அடிக்கா என்பதையும் பாருங்கள். ஒரு ஹெக்டேர் என்பது 2 ஏக்கர் 47 சென்ட்.

செலவை மிச்சம் பிடிக்க 4,00,000 என்று குறைத்து எழுதினால், சார்பதிவாளர் முத்திரைச் சட்டம் 47ஏ பிரிவின்படி மதிப்பு நிர்ணயத்திற்கு அனுப்பலாம். குறைவுத் தீர்வையைக் கட்டும்வரை பத்திரம் கைக்கு வராமல் இழுபடும்.

வாங்குபவர் பெண்ணாக இருந்து, மதிப்பு 10 லட்சத்திற்குள் இருந்தால், 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணம் நூற்றுக்கு 1 ரூபாய்தான். மேற்சொன்ன கணக்கில் 5,400 ரூபாய் மிச்சம். குடும்பத்தாருக்குள் எழுதும் செட்டில்மெண்டுக்கு விகிதம் வேறு. இந்தக் கணக்கை அதற்குப் போடக் கூடாது.

கடைசியாக, முத்திரைத்தாளின் மதிப்பையும் தீர்வைக்காகப் பணமாகக் கட்டியதையும் கூட்டிப் பாருங்கள். 20,000 ரூபாய்க்குத் தாள் என்றால் 17,800 ரூபாய் கட்டியிருக்க வேண்டும். பதிவுக் கட்டணத்திற்குத் தனி ரசீது உண்டு. சிறு கட்டணங்களும் எழுத்தர் கூலியும் இதில் சேராதவை. அவற்றைத் தனியே எழுதி வாங்குங்கள்.